ஸ்லைடுகளை வரிசையாக இறக்கினால் எஸ்ஓபி ஆகிவிடுமா?

தேன்மொழி: லேபிள் பிரிண்டர் பற்றிய 38 ஸ்லைடு பயிற்சி பிபிடி என்னிடம் இருக்கு. புதுசா சேர்றவங்க அதைப் பார்த்தே வேலை செய்யுற மாதிரி எஸ்ஓபியா, அதாவது படிப்படியான வேலைக் குறிப்பா, மாத்தித் தரச் சொல்றாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

நேர்வழி: இதுக்குப் பெரிய வேலையே இல்லைங்க. பவர்பாயிண்டில் `File > Export > Create Handouts` போனா ஸ்லைடும் பக்கத்துல நோட்ஸுமா வேர்டுக்கு வந்துடும். அங்கே `Paste link` தேர்ந்தெடுத்தா, பின்னாடி ஸ்லைடு மாறினாலும் வேர்டுல புதுப்பிச்சுக்கலாம். பிபிடி போட்டவருக்குப் பொருள் நல்லாத் தெரியும். அவர் வச்ச வரிசையை நாம ஏன் கலைக்கணும்?

பழைய டிரெய்னர்: அந்த வரிசைதாங்க பிரச்சினையே. பிபிடி பொருளின் வரிசையில் போகும், எஸ்ஓபி வேலையின் வரிசையில் போகணும். பிரிண்டர் பிபிடியில் பெரும்பாலும் மூடி திறப்பது ஒரு மூலையில், சென்சார் வேறொரு இடத்தில், எச்சரிக்கை விளக்குகள் கடைசியில் இருக்கும். ரோல் மாத்துறவருக்கு அந்த மூணும் ஒரே பக்கத்தில் வேணும்.

தேன்மொழி, முதல்ல ஸ்லைடை மூடி வச்சிட்டு, புதியவர் முதல் வாரத்தில் கையால் செய்யும் வேலைகளை மட்டும் எழுதுங்க. ரோல் மாத்துவது, ஹெட் துடைப்பது, லேபிள் நகர்ந்து அச்சானால் சரிசெய்வது. ஒவ்வொண்ணுக்கும் தனி எஸ்ஓபி.

ரோல் மாத்துவதையே பாருங்க. ஸ்லைடில் "எளிதான ரோல் மாற்றம்" என்று ஒரே வரி இருக்கும். எஸ்ஓபியில் இப்படி வரணும்: லேபிளின் மேல்புறத்தை நகத்தால் கீறு. கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தில் அச்சாகும் பக்கம்; அது அச்சு ஹெட்டைப் பார்க்கும்படி ரோலை வை. மூடியை அழுத்து, இருபக்கமும் 'க்ளிக்' கேட்கணும். ஃபீட் பட்டனை ஒருமுறை அழுத்து. ஒரே ஒரு வெற்று லேபிள் வந்து இடைவெளியில் நின்றால் முடிந்தது. இரண்டு மூன்று ஓடினால் சென்சாரை அளவமைக்கும் எஸ்ஓபிக்குப் போ.

செய்ய வேண்டியது, கண்ணில் தெரிய வேண்டியது, தெரியாவிட்டால் எங்கே போவது. இந்த மூணும் இல்லாத படி, படியே இல்லை. ஸ்லைடில் இவை இருக்காது, டிரெய்னர் வாயாலும் கையாலும் சொல்லிட்டுப் போயிருப்பார். அவர் வகுப்பெடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கிறதுதான் பாதி வேலை.

நேர்வழி: நகம் கீறுறது நல்லா இருக்கு, எனக்கே தெரியாது. ஆனா மாடல் மாறினா 3 எஸ்ஓபியையும் யார் திருத்துவாங்க? பிபிடி மட்டும் திருந்தும், தாள் பழசாவே இருக்கும். அதுக்குத்தான் இணைப்பு வேணும்னேன்.

பழைய டிரெய்னர்: அந்தப் பயம் நியாயம்தான். பதிப்பு எண்ணும், திருத்தப் பொறுப்பாளர் யார் என்பதும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். ஆனா இணைப்பு ஸ்லைடை மட்டும்தான் இழுக்கும். பட்டன் இடம் மாறினால் படியில் இருக்கும் வாக்கியத்தைத் திருத்தாது.

மாலைநேரம்: இது வாடிக்கையாளர் கையேடா? அப்படின்னா சிறப்பம்சங்களை விட்டுடாதீங்க, வாங்குறவங்க அதைத்தான் பார்ப்பாங்க.

தேன்மொழி: இல்லைங்க, ஊழியர்களுக்கு மட்டும்.

சர்வீஸ் பையன்: எங்க இடத்தில் ஹெட் துடைக்கிறதை "ஹெட்டைச் சுத்தம் செய்யவும்"னு மட்டும் எழுதியிருந்தாங்க. புதுசா வந்தவர் சூடா இருக்கும்போதே ஈரத் துணியால் துடைச்சுட்டார். பவர் நிறுத்தி, ஆறவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால் துடைச்சு, காய்ந்தபிறகுதான் மூடணும். அந்த எச்சரிக்கை பிபிடியில் இருந்துச்சு. ஆனா வேற ஸ்லைடில். எச்சரிக்கை அந்தப் படிக்கு முன்னாடி நிக்கணும், பின்னாடி இல்லை.

தேன்மொழி: ரோல் மாற்றும் பக்கத்தை மட்டும் எழுதி, நேற்று சேர்ந்த பெண்ணிடம் கொடுத்துட்டு வாய் திறக்காம நின்னேன். 3வது படியில் மூடியை ஒருபக்கம் மட்டும் அழுத்திட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க. 'இருபக்கமும்' என்பதைத் தடித்த எழுத்தில் போட்டு, விரல் வைக்கும் இடத்தைப் படமெடுத்துச் சேர்த்திருக்கேன். இன்னும் ஒரு சந்தேகம்: கீறினா ஏன் கறுக்குதுன்னு காரணமும் எழுதணுமா?

பழைய டிரெய்னர்: வேண்டாம். படி நீளும், கண் தவறும். காரணத்தை பிபிடியே சொல்லட்டும்.

நேர்வழி: இங்கே மட்டும் ஒத்துக்க மாட்டேன். காரணம் தெரியாதவர் அந்தப் படியை ஒருநாள் தாண்டிடுவார். ஒரு வரியாவது இருக்கட்டும்.

தேன்மொழி: இரண்டு விதமாகவும் எழுதி, அடுத்து வரும் இரண்டு பேரிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துப் பார்க்கிறேன்.