முற்றத்துக்குச் செங்கல் நிறுத்திப் பதித்தவர்கள் சொல்லுங்கள்: சதுர மீட்டருக்கு எத்தனை கல், எவ்வளவு மணல்?

வடக்குத்தெரு
கும்பகோணம் பக்கம் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் நடுமுற்றத்தில் சிமென்ட் தளம் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிட்டது. அதை எடுத்துவிட்டுச் சேம்பர் செங்கலை பிரிக் ஆன் எட்ஜாக, அதாவது படுக்கப்போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, மணல் மேல் பதிக்கலாம் என்று இருக்கிறோம். முற்றம் 5.4 மீட்டருக்கு 4.2 மீட்டர். நடுவில் 90 சென்டிமீட்டர் சதுரத்தில் துளசி மாடம். கொத்தனார் "800 கல்லும் கால் யூனிட் மணலும் போதும்" என்கிறார். செய்து பார்த்தவர்களுக்கு எவ்வளவு பிடித்தது?

சைட் அக்கா
அந்த 800 எப்படி வந்தது என்று தெரிகிறது. மாடத்தைக் கழித்தால் உங்கள் முற்றம் கிட்டத்தட்ட 22 சதுர மீட்டர். கல்லைப் படுக்கப்போட்டால் சதுர மீட்டருக்கு 35 பிடிக்கும். பெருக்கினால் 770 வரும், அதை 800 ஆக்கியிருக்கிறார். அவர் தினமும் பார்ப்பது படுக்கைக் கல் தளம்தான். நிறுத்திப் பதித்தால் மேலே தெரிவது கல்லின் நீளமும் கனமும் மட்டும். அகலம் மண்ணுக்குள் போய்விடும்.

230 மில்லி நீளம், 70 மில்லி கனம், 5 மில்லி மணல் இடுக்கு என்று வைத்தால் ஒரு கல் பிடிக்கும் இடம் 235க்கு 75. ஒரு சதுர மீட்டருக்கு 57 கல். இதுவே 10 மில்லி கலவை இடுக்கு என்றால் 52தான்.

ஆனால் இதை வைத்து ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். சூளைக்குச் சூளை கனம் மாறும். 20 கல்லை ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக வைத்து மொத்தத்தை அளந்து 20ஆல் வகுங்கள். ஒரே கல்லை அளப்பதில் பிரயோஜனம் இல்லை. கனம் 65 என்றால் 61 கல், 75 என்றால் 53 கல். நீளத்தில் 5 மில்லி குறைந்தால் அதிகம் பாதிக்காது, கனத்தில் 5 மில்லி போனால் வண்டிக் கணக்கே மாறிவிடும்.

மாடிவீடு68
எங்க மாடியிலயும் இதே பிரச்சனைதாங்க. தட்டோடு ஒட்டினோம், ரெண்டு மழைக்கே ஒழுகுது. சதுர அடிக்கு எத்தனை ஓடு கணக்குப் பண்ணலாம்? மணல் போட்டு ஒட்டலாமா?

சைட் அக்கா
மாடிவீடு, இது தரைத்தளம். மொட்டை மாடியில் மணல் மெத்தை போட்டால் தண்ணீர் அதிலேயே தேங்கிக் கூரைக்குள் இறங்கும். தட்டோடுக்குக் கலவைதான். தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

கோவைக்காரன்
நம்ம வீட்டுல போர்ட்டிகோ முன்னாடி ஒயர்கட் கல்லை இதே மாதிரி நிறுத்தித்தான் போட்டிருக்கோம். இடுக்குக்கு மணல் மட்டும் போட்டா மழையில ஓடிரும்ங்க. நாலுக்கு ஒண்ணு சிமென்ட் மணல் கலந்து உலர்வா கூட்டிவிட்டு, மேல தண்ணி தெளிச்சுடுங்க. கல்லு மாதிரி இறுகிடும். கார் ஏறுது, ஒண்ணும் ஆகல. மெத்தை மணலையும் 3 இஞ்ச் தாராளமா போடுங்க, பள்ளம் மேடெல்லாம் அதுலயே சரியாயிடும்.

சைட் அக்கா
கோவைக்காரன், உங்கள் கல்லுக்கு அடியில் கான்கிரீட் இருக்கிறதா?

கோவைக்காரன்
ஆமாங்க, பழைய கான்கிரீட் தளம் மேலதான் போட்டது.

சைட் அக்கா
அதனால்தான் நிற்கிறது. அடி அசையாது, இடுக்கும் அசையாது. இவர் பழைய தளத்தை எடுத்துவிட்டு மணல் மேல் வைக்கப்போகிறார். அடி லேசாக இறங்கினால் சிமென்ட் இடுக்கு கல்லோரத்தில் மயிரிழையாக வெடிக்கும். அதில் தண்ணீர் புகுந்து, இறுகிய துண்டுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து வெளியே வரும். கல்லின் முகத்தில் ஒட்டிய சிமென்ட் வெள்ளைப் பூப்பும் லேசில் போகாது.

3 இஞ்ச் மணல் யோசனையும் வேண்டாம். மெத்தை என்பது திமிசு போட்ட பிறகு 4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பள்ளத்தை மணலால் நிரப்பினால் அந்த இடத்தில் மணல் கூடுதல் கனமாக இருக்கும், கூடுதலாகவே இறங்கும். முதல் மழைக்காலம் முடிந்ததும் எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கெல்லாம் அடியில் மணலால் மட்டம் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மட்டமும் வாட்டமும் கிராவலிலேயே முடிந்துவிட வேண்டும். 4.2 மீட்டர் பக்கமாக வாட்டம் கொடுத்தால் 6 சென்டிமீட்டர் இறக்கம் போதும். தோண்டுவதற்கு முன் சாக்கடைக் குழாயின் மட்டத்தைப் பாருங்கள். கல் 11, மெத்தை 4, கிராவல் 10 என்று தளத்துக்குக் கீழே 25 சென்டிமீட்டர் போகும். பழைய வீடுகளில் குழாய் அதற்கு மேலேயே இருந்துவிடும்.

வடக்குத்தெரு
20 கல் அடுக்கி அளந்தேன். கனம் மொத்தம் 1.32 மீட்டர், அதாவது ஒரு கல் 66 மில்லி. நீளம் 230 சரியாக வருகிறது, அகலம் 110. கல்லில் ஒரு பக்கம் சூளை முத்திரைக் குழி இருக்கிறது, அது கணக்கில் வருமா?

சைட் அக்கா
நல்ல கேள்வி. கல்லை நிறுத்தினால் குழி பக்கவாட்டில் திரும்பி இடுக்கைப் பார்த்து நிற்கும். நீங்கள் கூட்டிவிடும் மணல் அதற்குள்ளும் போகும். குழி 10 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், 1 ஆழம் என்றால் 40 மில்லிலிட்டர். ஒரு கல்லுக்கு ஒன்றுமில்லை, 60 கல்லுக்கு இரண்டரை லிட்டர். இடுக்கு மணல் பாதியில் தீர்ந்துபோவது இதனால்தான். ஒயர்கட் கல்லில் முத்திரைக் குழி கிடையாது, அதனால் கோவைக்காரருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

உங்கள் கல்லுக்கு முழுக் கணக்கையும் போடுகிறேன். சுற்றிலும் ஒரு வரிசை கலவையில் வைத்து ஓரம் கட்ட வேண்டும், அது இல்லாவிட்டால் நடுவில் இருப்பது பக்கத்துக்குப் பக்கம் நழுவும். ஓரக் கல்லின் நீளவாட்டம் முற்றத்துக்குள் நீட்டியிருக்கட்டும். ஓரத்தின் நடுக்கோட்டு நீளம் 18.28 மீட்டர். கல் 66, கலவை 10, ஆக 76 மில்லிக்கு ஒரு கல் வீதம் 241 கல்.

ஓரம் போக உள்ளே 4.94க்கு 3.74. மாடம் கழித்தால் 17.67 சதுர மீட்டர். உங்கள் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 60 கல், ஆக 1,060. ஓரத்தோடு 1,301. உடைசல், வெட்டு என்று 5 சதவீதம் சேர்த்தால் 1,366. 1,400 இறக்குங்கள். மீன்முள் மாதிரி சாய்த்துப் போட ஆசைப்பட்டால் வெட்டுத் துண்டு கூடும், 10 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தை மணல்: 17.67ஐ 0.04ஆல் பெருக்கினால் 0.71 கன மீட்டர். அது திமிசு போட்ட பிறகு உள்ள அளவு. லோடாக வரும் மணல் ஈரத்தில் உப்பியிருக்கும், அதனால் கால் பங்கு கூட்டுங்கள். 31 கன அடி. கொத்தனாரின் கால் யூனிட் 25 கன அடிதான். ஓரக் கலவைக்கு வேண்டியது இதில் சேராது.

இடுக்கு: சதுர மீட்டருக்கு 10 லிட்டர், குழிக்கு இரண்டரை, ஆக பன்னிரண்டரை. மொத்தம் 220 லிட்டர். சிந்துவதையும் பிறகு இறங்குவதையும் சேர்த்து 9 கன அடி வாங்குங்கள். கல்லைத் தட்டும்போது மெத்தை மணல் கீழிருந்து ஒரு விரல் அளவு இடுக்கில் ஏறும், அதனால் கொஞ்சம் மிஞ்சலாம். மிஞ்சியதை மூட்டை கட்டி வையுங்கள், மழை முடிந்ததும் ஒரு முறை கூட்டிவிட வேண்டியிருக்கும்.

கொத்தனார் மகன்
அக்கா சொல்ற கணக்கு சரி. நான் ஒண்ணு சேர்க்குறேன். மெத்தைக்கும் இடுக்குக்கும் ஒரே மணல் வேண்டாம். மெத்தைக்கு பொடி இல்லாத கொரகொர எம்சாண்ட். கிரஷர் டஸ்ட் மலிவுன்னு போட்டா தண்ணி கீழ இறங்காது, மெத்தை சேறாகி கல் ஆடும். கல்லு மேல நடக்கும்போது இடுக்குல கலங்கல் பொங்கினா அதுதான் காரணம். இடுக்குக்கு சலிச்ச பொடி மணல், வெயில்ல நல்லா காயவெச்சது. ஈர மணல் இடுக்கு வாயிலயே பாலம் கட்டி நின்னுக்கும், உள்ள காலியா இருக்கும். கூட்டினதும் பலகை வெச்சுத் தட்டி, திரும்பக் கூட்டி, இனி இறங்கலைன்னு தெரியுற வரைக்கும் பண்ணணும்.

அப்புறம் கல்லை ஒரு ராத்திரி ஊறவெச்சு எடை போட்டுப் பாருங்க. எடை அஞ்சுல ஒரு பங்குக்கு மேல ஏறினா வேண்டாம், முற்றத்துல பாசி பிடிச்சு மாவாயிடும். முறுகலா வெந்த கல்லு கொஞ்சம் கோணலா இருந்தாலும் பரவாயில்ல.

மேலமாசி
எங்கள் முற்றத்தில் இதே வேலைதான், மணல் இடுக்கு. நடுவில் எல்லாம் அசையாமல் இருக்கிறது. ஓட்டுத் தாழ்வாரத்துத் தண்ணீர் விழுகிற கோட்டில் மட்டும் ஒவ்வொரு ஐப்பசியிலும் இடுக்கு காலியாகிவிடுகிறது. இரண்டு விரல் ஆழத்துக்கு மணலைத் தோண்டி எடுத்துவிடும்.

கோவைக்காரன்
அதத்தானே நான் சொன்னேன்!

சைட் அக்கா
அந்த இடத்துக்கு மட்டும் நீங்கள் சொன்னது சரி. தண்ணீர் விழும் கோடு சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறது என்று ஒரு மழையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஓர வரிசையின் கலவையை அதுவரை நீட்டுவது என் வழக்கம். அடியில் கான்கிரீட் பட்டை கொடுத்து முழுக் கலவையில் வைக்க வேண்டும், உலர் கலவை தூவுவது அங்கேயும் வேண்டாம். வடக்குத்தெரு, அப்படிச் செய்தால் உள்ளே 60 வீதம் போட்ட கல்லில் கொஞ்சம் குறையும், ஓரக் கணக்கு கூடும். தாழ்வாரம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது?

வடக்குத்தெரு
சுமார் 35 சென்டிமீட்டர். ஓர வரிசை 23தான், ஆக தண்ணீர் அதைத் தாண்டித்தான் விழும். இரண்டு வரிசையாக வைத்துவிடுகிறேன். கொத்தனாரிடம் 1,400 என்றேன், சிரிக்கிறார். நாளைக்கு ஒரு சதுர மீட்டர் கட்டம் போட்டுக் கல்லை அடுக்கிக் காட்டப்போகிறேன்.

மேலமாசி
எறும்புக்கு யாராவது வழி சொல்லுங்கள். மழை எடுக்காத மணலை அது எடுத்து மேலே குவிக்கிறது. மஞ்சள் தூவினால் நாலு நாள் நிற்கிறது, அவ்வளவுதான்.

கொத்தனார் மகன்
எங்கப்பா இடுக்கு மணல்ல சுண்ணாம்பு கொஞ்சம் கலப்பார். எறும்பு குறைஞ்ச மாதிரிதான் இருந்துது. அது சுண்ணாம்பாலயா, மணல் இறுகினதாலயான்னு எனக்குச் சொல்லத் தெரியல.

சைட் அக்கா
சுண்ணாம்பு கலந்தால் கோவைக்காரரின் வழிக்குப் பாதி வந்துவிட்டோம். நான் கலக்க மாட்டேன், ஆனால் அப்படிப் போட்ட பழைய முற்றங்கள் நன்றாக நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.