நியமனக் கடிதம் தராமலே வேலை வாங்கினார்கள்: உங்களுக்கு நடந்தது என்ன?

வழிப்போக்கன்

என்னிடம் இருப்பது ஆஃபர் மின்னஞ்சல் மட்டும்தான். பதவி, மாதச் சம்பளம், சேர வேண்டிய நாள், விலகுவதென்றால் இரு தரப்பும் ஒரு மாத நோட்டீஸ். கடைசியில், "விரிவான நியமனக் கடிதம் பணியில் சேர்ந்த பின் வழங்கப்படும்." ஏற்கிறேன் என்று பதில் அனுப்பிச் சேர்ந்தேன். கடிதம் வரவில்லை. கேட்டபோதெல்லாம் கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள்.

ராஜினாமா கொடுத்த அன்று மனிதவள மேலாளர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பணியாளர் கையேடு. நோட்டீஸ் மூன்று மாதம், குறைந்தால் அந்த நாட்களுக்கான சம்பளம் பிடிக்கப்படும் என்ற வரியை நீல நிறத்தில் தேர்ந்தெடுத்துக் காட்டினார். பக்கத்தின் அடியில் கையேடு வெளியான தேதி தெரிந்தது. நான் சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு. "இதை எனக்கு யாரும் அனுப்பவில்லையே" என்றேன். "இத்தனை காலம் சம்பளம் வாங்கினீர்களே, அதுவே சம்மதம்தான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது. சம்பளம் வாங்கினால் எல்லாவற்றுக்கும் சம்மதமா?

சுதந்திரப் பறவை

கடிதமே இல்லை என்றால் ஒப்பந்தமே இல்லை. எனக்கும் தரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மேசையைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டேன், யாரும் ஒன்றும் செய்யவில்லை. நீங்களும் நாளையே கிளம்புங்கள்.

பழைய கோப்பு

பறவை சொல்வதைக் கேட்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவரை நிறுவனம் துரத்தவில்லை, அவ்வளவுதான். கடிதம் இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் இருக்கிறது. நிறுவனம் ஒரு வேலையைத் தர முன்வந்தது, நீங்கள் ஏற்றீர்கள், வேலை செய்தீர்கள், சம்பளம் தந்தார்கள். ஒப்பந்தமே இல்லை என்றால் பாக்கிச் சம்பளத்தை எந்த அடிப்படையில் கேட்பீர்கள்?

நான் நெடுங்காலம் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். "சம்பளம் வாங்கினீர்களே" என்ற வாதத்தை நாங்களும் சொல்லியிருக்கிறோம். அது சில இடங்களில் எடுபடும். எங்களிடம் கிடங்கில் ஒருவர் இருந்தார். ஆஃபரில் பகல் வேலை என்று இருந்தது. இரவுப் பணிக்கு மாற்றினோம். எதிர்த்து ஒரு வரி எழுதாமல் ஓராண்டுக்கு மேல் இரவில் வந்தார், இரவுப் படியும் வாங்கினார். பிறகு ஆஃபரை நீட்டினார். அந்த வாதம் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவரைத் தொட்ட மாற்றம் அது. பிடிக்கவில்லை என்றால் அடுத்த நாளே சொல்லியிருப்பார் என்று பார்ப்பவர் நினைப்பது இயல்பு.

நோட்டீஸ் காலம் அப்படியல்ல. விலகும் நாள் வரை அது உங்களைத் தொடவே தொடாது. ஏட்டில் ஒரு மாதம் மூன்று மாதமாக மாறினாலும் உங்கள் வேலையிலோ சம்பளச் சீட்டிலோ எதுவும் மாறவில்லை. அதிலும், மாறியதே உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு மௌனத்தால் சம்மதித்தார் என்பதை நிறுவுவது கடினம். அந்த நிலையில் எழுத்தில் ஏற்ற ஒரு மாதம்தான் வலுவானது. உங்கள் நாட்டுச் சட்டம் குறைந்தபட்சம் ஏதாவது வகுத்திருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு முன் விலகியவர்கள் எத்தனை நாளில் விடுவிக்கப்பட்டார்கள்?

மாலை நேரம்

எனக்கும் இதே பிரச்சினைதான். நியமனக் கடிதம் கொடுத்தார்கள், நான்தான் கையெழுத்திட்டுத் திருப்பித் தரவில்லை. அதில் தகுதிகாண் காலம் ஆறு மாதம் என்று இருந்தது. இப்போது பணி உறுதி செய்யப்பட்டதாகக் கடிதம் தர மறுக்கிறார்கள். அனுபவச் சான்றிதழ் கிடைக்குமா?

பழைய கோப்பு

மாலை நேரம், உங்களுடையது வேறு கதை. கடிதத்தைப் பெற்று, மறுக்காமல், அதன்படியே வேலை செய்திருந்தால் கையெழுத்து இல்லாததைப் பெரிதாகப் பிடித்துக்கொள்ள முடியாது. தனி இழையில் கேளுங்கள்.

நெல்லிக்கனி

நடைமுறை என்றால் தொழிலாளிக்குச் சாதகம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். என் கதை சுருக்கமானது. கடிதம் இல்லை, ஆஃபரில் போனஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆனால் ஆண்டுதோறும் வந்தது. ஓராண்டு நின்றது. நடைமுறையாகிவிட்டதே என்று கேட்டேன். முந்தைய போனஸ் கடிதங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றிலும், "நிர்வாகத்தின் விருப்பத்தின் பேரில், இந்த ஆண்டுக்கு மட்டும்." தொகையும் ஆளுக்கு ஆள் வேறு. நான் படித்ததே இல்லை, தொகையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அதே நிறுவனத்தில் பயணப்படி தப்பியது. அது எல்லோருக்கும் ஒரே கணக்கில், சம்பளச் சீட்டில் தனி வரியாக, யாரும் கேட்காமலே மாதாமாதம் வந்தது. அதை நிறுத்தப் பார்த்தபோது, பல ஆண்டுச் சீட்டுகளை ஒன்றாகப் பின்னடித்துக் கொடுத்தோம், திரும்பக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் பழக்கம்தான். ஒன்று தயவு என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் கொடுத்தது, மற்றது கடமை போலக் கொடுத்தது.

எனவே வழிப்போக்கன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அலுவலக மின்னஞ்சல் முகவரி மூடப்படும் முன் ஆஃபரையும் உங்கள் பதிலையும் சொந்த முகவரியில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டுகள், விடுப்புக் கணக்கு, நியமனக் கடிதம் கேட்டு அனுப்பிய நினைவூட்டல்கள், இவையும் வேண்டும். நிறுவன ரகசியம் எதையும் அள்ளி வராதீர்கள், அது வேறு வம்பு. மேலாளரிடம் வாயால் பேசியதை அன்றே, "இன்று நீங்கள் மூன்று மாதம் என்றீர்கள், நான் ஏற்றது ஒரு மாதம்" என்று மின்னஞ்சலில் அனுப்புங்கள். கையேட்டை வைத்துப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்றும் மிரட்டுவார்கள். அப்படிப்பட்ட தடையைப் பழக்கத்திலிருந்து வரவழைக்க முடியாது. நீங்கள் வெளிப்படையாக ஏற்றிருக்க வேண்டும்.

சுதந்திரப் பறவை

இவ்வளவு தாள் சேர்ப்பதற்குள் புதிய வேலை போய்விடும்.

வழிப்போக்கன்

பழைய கோப்பு, முன்பு விலகிய மூவரிடம் கேட்டேன். இருவரை ஒரு மாதத்தில் விட்டிருக்கிறார்கள். ராஜினாமா தேதியும் கடைசி வேலைநாளும் அவர்களுடைய விடுவிப்புக் கடிதங்களில் இருக்கின்றன. அந்த இருவரில் இரண்டாமவர் கையேடு வந்த பிறகு விலகியவர். மூன்றாமவர் மூன்று மாதம் இருந்தார், ஆனால் அவர் கையேடு வந்த பின் சேர்ந்து, படித்தேன் என்று கையெழுத்தும் போட்டவர்.

ஆஃபரை மறுபடி படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. சம்பளத்துக்குக் கீழே, "இதர நிபந்தனைகள் நிறுவன விதிகளின்படி, அவ்வப்போது திருத்தப்பட்டவாறு."

பழைய கோப்பு

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மேலாளர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். விடுப்பு, வேலை நேரம் போல ஆஃபர் பேசாதவற்றுக்கு அந்த வரி வழிவிடும். ஒரு மாதம் என்று அதே மின்னஞ்சல் தனியே எழுதியதை அது விழுங்காது என்பது என் கருத்து. அந்த இரண்டு விடுவிப்புக் கடிதங்களும் உங்கள் பக்கம் நிற்கும். குறிப்பாக இரண்டாவது: கையேடு வந்த பிறகும் நிறுவனமே ஒரு மாதத்தைத்தான் கடைப்பிடித்தது.

நெல்லிக்கனி

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். "அவ்வப்போது திருத்தப்பட்டவாறு" என்று நீங்களே ஏற்றிருக்கிறீர்கள். இருவரை முன்னதாக விட்டது சலுகை என்று சொல்லிவிடுவார்கள், என் போனஸ் போல.

பழைய கோப்பு

சலுகை என்று அந்தக் கடிதங்களில் எழுதியிருக்கிறதா?

வழிப்போக்கன்

இல்லை. இரண்டிலும் "நோட்டீஸ் காலத்தை நிறைவு செய்து விடுவிக்கப்படுகிறார்" என்றுதான் இருக்கிறது. படங்களோடு மேலாளருக்கு அனுப்பிவிட்டேன். கணக்குத் தீர்வுத் தாளை இன்னும் தரவில்லை, சட்டப் பிரிவுக்குப் போயிருக்கிறதாம்.