பொருள்: ஹிப் ஃப்ளெக்சருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மகேஸ்வரி:
வணக்கம். ஒரு பிசியோதெரபி நிலையத்துக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குத் தொடை மடியும் இடத்தில், முன்பக்கமாக வரும் வலி பற்றியது. அங்கே தொடையை மடக்கும் ஹிப் ஃப்ளெக்சர் தசைகளுக்கு 'இடுப்பு மடக்கி' என்று போட்டேன். படித்துப் பார்த்த இரண்டு பேருமே முதுகுக்குக் கீழே கையை வைத்து "இங்கேயா?" என்று கேட்டார்கள். வேறு சொல் உண்டா?

இராமநாதன்:
'இடுப்பு மடக்கி' சரியான ஆக்கம்தான் அம்மா. மடக்குவது மடக்கி, நீட்டுவது நீட்டி. பக்கத்தில் ஒரு படம் போட்டால் குழப்பம் தீரும்.

சுரேஷ்:
எனக்கும் இரண்டு வருடமாக இடுப்பு வலி. குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கையேட்டை எனக்கு அனுப்ப முடியுமா?

மகேஸ்வரி:
ஐயா, பார்த்தீர்களா? சுரேஷ், உங்களுக்கு வந்திருப்பது முதுகுவலி போலிருக்கிறது. இது வேறு.

கதிர்:
நான் பிசியோதெரபிஸ்ட். இந்தத் தசைக்கூட்டத்தில் ஒன்று முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்தும் இன்னொன்று இடுப்பெலும்பின் உட்புறத்திலிருந்தும் இறங்கி, சேர்ந்து தொடையெலும்பின் உச்சியில் உள்பக்கமாகப் பிடிக்கின்றன. தொடையின் முன்பக்கம் ஓடும் மூன்றாவது ஒன்று முழங்காலையும் கடந்து போகிறது. படியேறும்போது தொடையைத் தூக்குவது இவைதான். எனவே 'தொடை தூக்கும் தசை' என்றாலே போதும். நோயாளிகளிடம் நான் அப்படித்தான் சொல்கிறேன்.

எனக்குப் பெரிய தலைவலி 'டைட்' என்ற சொல்தான். சென்ற வருடம் 41 வயது கணக்காளர் ஒருவர் வந்தார். நாற்காலியைவிட்டு எழுந்ததும் முதல் நாலு அடி நொண்டுவார். தசை டைட் என்று யாரோ சொல்லி, நான்கு மாதமாகத் தினமும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி இழுப்புப் பயிற்சி செய்திருக்கிறார். பலனில்லை. மேசை ஓரத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொல்லி, மற்றக் காலைத் தொங்கவிட்டேன். தொடை மேசையைத் தொட்டது, முழங்காலும் தாராளமாக மடங்கித் தொங்கியது. தசையில் நீளக் குறைவே இல்லை. ஆனால் உட்கார்ந்தபடி முழங்காலைத் தூக்கச் சொல்லிக் கையால் அழுத்தினால் ஒரு நொடி நிற்கவில்லை, வலியும் வந்தது. பலம் இல்லாத தசைதான் இறுகியது போல உணர்த்தியிருக்கிறது. இழுப்பைக் குறைத்து, பாதங்களில் ரப்பர் வளையம் மாட்டி முழங்காலைத் தூக்கி மெதுவாக இறக்கவைத்தேன். எட்டு முறை, மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். கூடவே மல்லாந்து படுத்துப் பிட்டத்தை உயர்த்தும் பயிற்சி. ஆறாவது வாரம் நொண்டல் போயிற்று.

அதே மேசையில் தொடை இறங்காமல் அந்தரத்தில் நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இழுப்பும் வேண்டும், பலமும் வேண்டும். இரண்டு பேருக்கும் 'டைட்' என்ற ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

நஃபீலா (மட்டக்களப்பு):
உணர்வுக்கு 'இறுக்கம்', நீளக் குறைவுக்கு 'குறுக்கம்' என்று பிரிச்சால் என்ன? ஐகாரக் குறுக்கம் மாதிரி, அளவு குறைஞ்சது என்று உடனே விளங்கும்.

இராமநாதன்:
அருமை! 'தூக்கும் தசை'தான் எனக்கு உடன்பாடில்லை. மல்லாந்து படுத்து எழும்பும்போது தொடை அசைவதில்லை, உடம்புதான் எழுகிறது. அப்போதும் வேலை செய்வது இதே தசைதானே? 'தொடைமடக்கி' என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

கதிர்:
நியாயம்தான் ஐயா. அகராதியில் 'தொடைமடக்கி' இருக்கட்டும், கையேட்டில் 'தொடை தூக்கும் தசை' போகட்டும். 'குறுக்கம்' பற்றி ஒரு தயக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு கை மடங்கியபடியே நின்றுவிடுகிறதே, அதற்கும் இந்தச் சொல் வேண்டியிருக்கும். இரண்டும் ஒன்றல்ல, படிப்பவர் பயந்துவிடுவார்.

மகேஸ்வரி, ஒரு வரி கட்டாயம் சேருங்கள். சம்மணமிடும்போதோ ஆழமாகக் குந்தும்போதோ கவட்டைக்குள் ஊசி குத்துவது போலிருந்தாலும், இழுக்க இழுக்க வலி கூடினாலும் அது மூட்டுக் கோளாறாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். இரவில் தூங்கவிடாத வலிக்கும், காலை ஊன்றவே முடியாத வலிக்கும் பயிற்சியே கூடாது, நேராக மருத்துவரிடம்தான்.

மகேஸ்வரி:
சேர்த்துவிட்டேன். தலைப்பிலும் இடுப்பை எடுத்துவிட்டு 'தொடையிடுக்கு வலி' என்று மாற்றிவிட்டேன். இப்போது புதுச் சிக்கல். இழுப்புப் பயிற்சியில் "முதுகை வளைக்காமல், பிட்டத்தை இறுக்கி, 30 விநாடி நில்லுங்கள்" என்று இருக்கிறது. முதல் பக்கத்தில் இறுக்கம்தான் தொல்லை என்று சொல்லிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் நானே இறுக்கச் சொல்கிறேன்!

கதிர்:
அந்த இறுக்கல் இல்லாவிட்டால் இழுப்பு இடுப்பு முதுகுக்குப் போய்விடும், அதை விட முடியாது. சொல்லை மாற்றுங்கள்.

நஃபீலா:
'நெருக்கி'?

சுரேஷ்:
எங்கள் ஊரில் 'எக்கிப் பிடி' என்போம்.

இராமநாதன்:
அது வயிற்றுக்கு, தம்பி.