பழைய ஐபோன் வாங்கும்போது முதலில் எதைப் பார்க்கச் சொல்வது? கவுண்டருக்குப் புது ஆட்கள் வருகிறார்கள், உதவி வேண்டும்

செல்வா_சிப்புட்
வணக்கம். சுங்கை சிப்புட்டில் பழைய கைப்பேசி வாங்கி விற்கிற கடையில் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை இரண்டு பேர் புதிதாகச் சேருகிறார்கள், கைப்பேசி கைக்கு வந்ததும் என்ன பார்க்கணும் என்று பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் முதலாளி. பேச உட்கார்ந்தால் போன வாரம் வந்த ஒரு ஐபோன் 11 தான் நினைவுக்கு வருகிறது, அதற்கே எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

கொண்டு வந்தவர் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர். ஐசி காட்டினார், புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். திரை நல்லா இருக்கு, பேட்டரி 81 விழுக்காடு, ஆப்பிள் கணக்கு உள்ளே இல்லை, Find My அணைத்திருந்தது. 500 வெள்ளி கொடுத்தாச்சு. அவர் போன பிறகு Erase All Content and Settings போட்டு, மறுபடி திறந்து வைஃபை இணைத்தால் Remote Management என்று ஒரு திரை வருகிறது. ஏதோ நிறுவனத்தின் பெயரைப் போட்டு, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. எத்தனை தடவை அழித்தாலும் அதேதான். இதை எங்கே பார்த்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும்? அதைத்தான் புது ஆட்களுக்கு முதலில் சொல்லணும்.

தைப்பிங்_குமார்
இது ஐகிளவுட் லாக் தம்பி. வாங்கின ரசீது இருந்தால் ஆப்பிளிடம் கொடுத்து எடுத்துவிடலாம், நானே ஒரு தடவை அப்படி எடுத்திருக்கிறேன். புது ஆட்களுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: `*#06#` அழுத்தி வருகிற ஐஎம்இஐ எண்ணைப் பார், பெட்டியில் இருக்கிற எண்ணோடு ஒத்துப்போனால் வாங்கு. அவ்வளவுதான்.

ரிப்பேர்_அண்ணே
குமார், ஐஎம்இஐ பார்ப்பது சரிதான், ஆனால் செல்வாவுக்கு வந்த பிரச்சினை வேறு. ஐகிளவுட் லாக் என்றால் iPhone Locked To Owner என்று வரும், பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கைக் கேட்கும். ரசீது காட்டி எடுப்பது அதற்குத்தான். Remote Management வந்தால் அது ஒரு நிறுவனமோ பள்ளியோ போட்ட பூட்டு. அந்தக் கைப்பேசியின் சீரியல் எண்ணை நிறுவனம் தன் கணக்கில் ஆப்பிளிடம் பதிந்து வைத்திருக்கிறது. கைப்பேசியை அழித்ததும் அது இணையத்தில் போய் “நான் யாருடையது” என்று ஆப்பிளிடம் கேட்கிறது, அங்கிருந்து நிறுவனத்தின் பெயர் வருகிறது. பூட்டு கைப்பேசிக்குள் இல்லை, அதனால் எத்தனை தடவை அழித்தாலும் போகாது. நிறுவனமே தன் கணக்கிலிருந்து அந்த எண்ணை விடுவித்தால்தான் போகும்.

முன்னாலேயே தெரிந்திருக்கும் இடம் இரண்டு. ஒன்று, அழிப்பதற்கு முன்: Settings திறந்ததும் மேலே சின்ன எழுத்தில் This iPhone is supervised and managed by என்று நிறுவனத்தின் பெயரோடு ஒரு வரி இருக்கும். General உள்ளே VPN & Device Management என்ற இடத்திலும் காட்டும். பேட்டரியும் திரையும் பார்க்கிற அவசரத்தில் இந்த வரியை யாரும் படிப்பதில்லை.

இரண்டாவது, அதைவிட முக்கியம்: விற்க வந்தவர் எதிரிலேயே, அவர் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கடை வைஃபையில் இணைத்து, முகப்புத் திரை வரும்வரை பொறுங்கள். அதன் பிறகுதான் பணம். இந்த ஒரு வரிசை ஐகிளவுட் லாக், நிறுவனப் பூட்டு இரண்டையும் பிடித்துவிடும். ஏற்கெனவே அழித்துக் கொண்டு வந்து Hello காட்டுகிற கைப்பேசிக்கும் இதே வழிதான். ஆண்ட்ராய்டில் இன்னொன்று கவனிக்கணும், சில கைப்பேசிகள் வைஃபை இல்லாமலே முகப்புத் திரைவரை போய்விடும், நிறுவனப் பூட்டு பிறகு இணையம் கிடைத்ததும்தான் தலை காட்டும். அதனால் வைஃபை கட்டாயம்.

செல்வா_சிப்புட்
அண்ணே, இப்போதுதான் புரிகிறது. அப்போ அந்த ஆள் திருட்டுக் கைப்பேசியைத்தான் கொடுத்திருக்கிறாரா?

ரிப்பேர்_அண்ணே
அப்படி முடிவு கட்டாதீர்கள். தோட்ட நிறுவனங்கள் அசிஸ்டன்ட் மேனேஜர், சூப்பர்வைசர்களுக்குக் கைப்பேசி கொடுக்கும், மாடல் பழையதானால் அவர்களிடமே விட்டுவிடும், கணக்கிலிருந்து எடுக்க மறந்துவிடும். வேலையை விட்டுப் போனவர் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்ததாகவும் இருக்கலாம். திரையிலிருந்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அவரையே கூப்பிட்டு, நிறுவனத்தில் பேசி விடுவிக்கச் சொல்லுங்கள், சீரியல் எண்ணை அவரிடம் கொடுங்கள். நிறுவனம் “எங்கள் சொத்து, திருப்பிக் கொடு” என்றால் கைப்பேசி அங்கே போகணும், உங்கள் 500 வெள்ளியை அவரிடம்தான் கேட்கணும். ஐசி விவரம் எழுதி வைத்தது இப்போது உதவும். பழைய பொருள் வியாபாரத்துக்கு 1946 சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், யாரிடம் வாங்கினோம் என்ற பதிவும் வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.

கே_எல்_டெக்
பைபாஸ் சாஃப்ட்வேர் இருக்கு, ஐந்து நிமிடத்தில் அந்தத் திரை போய்விடும். ஏன் இவ்வளவு சுற்றணும்?

ரிப்பேர்_அண்ணே
போகும், அடுத்த தடவை அழிக்கும்வரை. வாங்கினவர் மகனுக்குக் கொடுக்கலாம் என்று அழிப்பார், அதே திரை திரும்ப வரும், உங்கள் கடைக்கு வந்து நிற்பார். அந்தக் கைப்பேசி இன்னும் வேறொருவர் பெயரில்தான் இருக்கிறது. புது ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே கூடாது.

மீனா_தோட்டம்
எங்கள் கடையிலும் இதே தலைவலிதான் அண்ணே, ஆனால் புல் வெட்டும் மெசினில். எஞ்சினில் இருக்கிற எண்ணைச் சுரண்டிவிட்டு, பெயிண்ட் அடித்துக் கொண்டு வருகிறார்கள். தோட்டத்து மெசினில் பெயிண்டில் எண் போட்டிருப்பார்கள், புது பெயிண்ட்டுக்கு அடியில் அந்தப் பழைய நிறம் தெரிகிறதா என்று மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்ப்பேன். எண் சுரண்டியிருந்தால் நான் வாங்குவதே இல்லை. கைப்பேசியில் எண்ணை இப்படிச் சுரண்ட முடியுமா?

ரிப்பேர்_அண்ணே
நல்ல கேள்வி மீனா. வெளியே இருக்கிற எண்ணை மாற்றிவிடலாம். ஐபோன் 11 மாதிரி மாடல்களில் சிம் தட்டிலும் ஐஎம்இஐ பொறித்திருக்கும். அதைக் கழற்றி `*#06#` காட்டுகிற எண்ணோடு ஒப்பிடலாம். ஒத்துப்போகவில்லை என்றால் சிம் தட்டோ கூடோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது திருட்டுக்குச் சாட்சி இல்லை. எங்கள் கடையிலேயே உடைந்த கூட்டை எத்தனையோ பேருக்கு மாற்றியிருக்கிறோம். ஆனால் ஏன் மாற்றினார் என்று கேளுங்கள், பதிலைப் பார்த்து விலை பேசுங்கள். புத்தகத்தில் எழுத வேண்டியது திரையில் வருகிற எண், தட்டில் இருப்பது இல்லை.

செல்வா_சிப்புட்
இன்னொரு சந்தேகம். நேற்று ஒரு அக்கா ஐபோன் விற்க வந்தார். ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறச் சொன்னால், முகத்தைக் காட்டிய பிறகும் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. கவுண்டரில் என்னோடு இருந்த பையன் உடனே “இது இவங்க கைப்பேசி இல்லை” என்று என் காதில் சொல்லிவிட்டான்.

ரிப்பேர்_அண்ணே
பையனுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள், அந்த அக்கா மேல் தப்பு இல்லை. 2024 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 17.3 முதல் Stolen Device Protection என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டிருந்தால், வீடு மாதிரி பழகிய இடத்துக்கு வெளியே கணக்கிலிருந்து வெளியேற முகம் காட்டணும், ஒரு மணி நேரம் பொறுக்கணும், மறுபடி முகம் காட்டணும். முகம் ஏற்றுக்கொண்டதே, அதை கவனித்தீர்களா? அவர் கைப்பேசி என்பதற்கு அது நல்ல அடையாளம். ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள், அல்லது வீட்டிலேயே வெளியேறிவிட்டு வரச் சொல்லுங்கள்.

தைப்பிங்_குமார்
ஒரு மணி நேரம் கழித்து வா என்றால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் அண்ணே. நான் பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்து நிறுத்திவைப்பேன்.

ரிப்பேர்_அண்ணே
நான் கொடுக்க மாட்டேன். முகப்புத் திரை வருவதற்கு முன் ஒரு வெள்ளி போனாலும் அந்த வரிசை உடைந்துவிடும், புது ஆட்கள் “பாதி கொடுக்கலாம்” என்பதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

செல்வா_சிப்புட்
குமார் சொல்வதும் உண்மைதான், எங்கள் முதலாளியும் ஆளை விடக்கூடாது என்றுதான் சொல்வார், அவரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். ஐபோன் 11 ஆளுக்கு போன் போட்டேன், தோட்ட ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.