மின்கேட்பு, மின்னெடுப்பு: ஒலிச்செருகிக்கு இரண்டு சொற்கள்

கயல்விழி:
வணக்கம். போனில் செருகும் ஹெட்போன் ஆம்ப் டாங்கிளுக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன். டாங்கிளுக்கு 'ஒலிச்செருகி' என்று வைத்திருக்கிறேன். 'பவர் டிரா' என்பதற்கு 'மின்நுகர்வு' போடலாமா?

இளங்கோ:
மின்நுகர்வு என்றதும் வீட்டு மீட்டரும் யூனிட் கணக்கும்தான் நினைவுக்கு வரும். 'மின்னிழுவை' பொருத்தம். செருகி சூடானால் மின்னிழுவை அதிகம், போன் தாங்கவில்லை, அதனால் சத்தம் வரவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

சுந்தரம்:
அப்படி எழுதிவிடாதீர்கள் தம்பி, சூடு வேறு, சத்தம் வராதது வேறு. நேற்று ஒரு செருகியை லினக்ஸ் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன்.

```
sudo lsusb -v | grep -E '^Bus|MaxPower'
```

அந்தச் செருகியின் பெயர் வரிக்குக் கீழே MaxPower 100mA என்று வந்தது. அது அளந்த எண் அல்ல. 'இதற்கு மேல் எடுக்கமாட்டேன்' என்று செருகி முன்கூட்டியே சொல்லும் கணக்கு. போன் ஏற்பதும் மறுப்பதும் அதை வைத்துத்தான்.

பிறகு போனுக்கும் செருகிக்கும் நடுவே யூஎஸ்பி மீட்டரை வைத்தேன். பாட்டு ஓடாதபோது 0.06 ஆம்பியர், ஓடும்போது 0.09. ஐந்து வோல்ட்டில் அது 0.45 வாட். ஹெட்போனுக்குப் போவது சில மில்லிவாட்தான். மிச்சமெல்லாம் அந்தச் சின்ன உலோகக் கூட்டிலேயே சூடாகத் தங்கிவிடுகிறது. ஆகவே வெதுவெதுப்பு இயல்பு. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் எண் ஏறிக்கொண்டே போய், தொட முடியாமல் சுட்டால் அது பழுது. உடனே பிடுங்கிவிட வேண்டும்.

கேட்பது 'மின்கேட்பு', உண்மையில் எடுப்பது 'மின்னெடுப்பு'. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் தவறான இடத்தில் பழுதைத் தேடுவார்.

பாத்திமா:
என்னிடம் இருப்பது சாதாரண ஜாக் மாற்றி. பழைய போனில் பாடியது, புதிய போனில் சத்தமே இல்லை. சூடும் இல்லை. இது மின்கேட்புச் சிக்கலா அண்ணா?

சுந்தரம்:
இல்லையம்மா. அதற்குள் சிப்பே இருக்காது, வெறும் கம்பிதான். போனே அனலாக் ஒலியை டைப்-சி வழியாக அனுப்பினால்தான் பாடும். உங்கள் புதிய போன் அனுப்பாது போலிருக்கிறது. மடிக்கணினியில் செருகி lsusb பாருங்கள், பட்டியலில் புதிதாக எதுவும் வராவிட்டால் அதுதான் காரணம். சிப் உள்ள செருகி என்றால் போன் அமைப்பில் ஓடிஜி அணைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில போன்களில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அது தானாக அணைந்துவிடும்.

கயல்விழி:
இரண்டு சொற்களையும் எடுத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் MaxPower என்ற பெயரில் பவர் இருக்க, எண்ணோ மில்லியாம்பியரில் வருகிறதே. 'மின்னோட்டக் கேட்பு' என்றல்லவா இருக்க வேண்டும்?

சுந்தரம்:
துல்லியம் பார்த்தால் அதுதான் சரி. கையேட்டில் நூறு முறை எழுத நீளம்.

இளங்கோ:
எடுப்பை ஏற்கிறேன், 'கேட்பு' எனக்கு இன்னும் ஒட்டவில்லை. பாத்திமாவின் கம்பி மாற்றியையும் ஒலிச்செருகி என்றே சொல்லப்போகிறோமா? அதற்குத் தனிப் பெயர் வேண்டும்.