இம்போர்ட் பக்கத்துக்கு உதவிக் கட்டுரை எழுதியபோது கண்ட தேதிச் சிக்கல்

சுதா, கும்பகோணம்

பில்லிங் மென்பொருள் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே உதவிக் கட்டுரைகள் எழுதுகிறேன். இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் பலரும் "மென்பொருளை எப்படிக் கற்றுக்கொள்வீர்கள், டெவலப்பர் சொல்லித் தருவாரா" என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு கட்டுரையை வைத்துச் சொல்கிறேன்.

பழைய பில்களை எக்செலிலிருந்து மொத்தமாக ஏற்றும் வசதி புதிதாக வந்தது. டெவலப்பர் டெமோ காட்டினார், ஐந்து வரி உள்ள மாதிரி ஃபைல், எல்லாம் பச்சை டிக். அவர் அனுப்பிய குறிப்பில் "சரியான வடிவில் CSV தயார் செய்து ஏற்றவும்" என்று இருந்தது. சரியான வடிவு எது என்பதுதான் கட்டுரையே, அது குறிப்பில் இல்லை. எனவே டெமோவை ஓரமாக வைத்துவிட்டு, அட்மின் உரிமை இல்லாத புதுக் கணக்கு ஒன்றைத் திறந்தேன். வலங்கைமான் பக்கம் உரக்கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் 2025 ஜூன் மாத பில் ஃபைலைக் கேட்டு வாங்கி, பெயர்களையும் போன் நம்பர்களையும் மாற்றிவிட்டு அதை ஏற்றிப் பார்த்தேன். குறுவைக்கு மேட்டூர் திறக்கும் சமயம் என்பதால் யூரியா, டிஏபி என்று பில் நிறைய இருந்த மாதம்.

பாதிக்கு மேல் வரிகள் நிராகரிக்கப்பட்டன. திரையில் வந்தது இது:

```
Row 41: Invalid date (18/06/2025)
Row 42: Invalid date (18/06/2025)
```

நிராகரிக்கப்பட்டவை எல்லாமே 12ஆம் தேதிக்கு மேல் உள்ளவை. மென்பொருள் மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கிறது, 18ஆவது மாதம் கிடையாது என்பதால் தள்ளிவிட்டது. இதுவரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எனக்குக் கவலை கொடுத்தது, நிராகரிக்கப்படாமல் உள்ளே போன வரிகள். 05/06/2025 என்பது ஜூன் 5. அதை மே 6 என்று எடுத்துக்கொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பச்சை டிக் போட்டுவிட்டது. ஜூன் 1 முதல் 12 வரை உள்ள பில்களில் 6ஆம் தேதி மட்டும் தப்பியது, அதில் நாளும் மாதமும் ஒன்றுதானே. மீதி எல்லாம் வருஷம் முழுக்கச் சிதறிவிட்டன. ஜூன் 1, 2, 3 பில்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு, அதாவது முந்தைய நிதியாண்டுக்குப் போய்விட்டன. ஜூன் 12 பில்கள் டிசம்பர் 6க்குப் போயின.

கடைக்காரர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். சிவப்பில் வந்த வரிகளை மட்டும் திருத்தி மறுபடி ஏற்றுவார், பச்சையில் இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்போதுதான் ஆடிட்டர் கேட்பார், மே மாதத்தில் இந்த பில் எப்படி வந்தது என்று.

தேதி வடிவைத் தேர்ந்தெடுக்க அந்தப் பக்கத்திலேயே ஒரு பெட்டி இருக்கிறது. ஆனால் பக்கத்தின் அடியில், ஸ்க்ரோல் செய்தால்தான் தெரியும், அதில் முன்கூட்டியே MM/DD/YYYY என்று நிற்கிறது. டெமோவில் டெவலப்பர் அதைத் தொடவே இல்லை.

ராஜா, மன்னார்குடி

இதற்கு இவ்வளவு பாடு எதற்கு அக்கா? எக்செலில் தேதியை 2025-06-18 என்று வருஷம் முன்னால் வைத்து எழுதச் சொன்னால் எந்த மென்பொருளும் குழம்பாது. கட்டுரையில் ஒரு வரி, கூடவே நாலு ஸ்க்ரீன்ஷாட். இப்படித்தான் எழுத வேண்டும் என்று விதி சொல்லும் ஸ்டைல் கைடு அது இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் சடங்கு என்பது என் கருத்து.

சுதா, கும்பகோணம்

வருஷம் முன்னால் எழுதுவது நல்ல யோசனைதான் தம்பி, கட்டுரையில் அதையும் வைத்தேன். ஆனால் அதோடு முடியவில்லை. நீங்கள் 2025-06-18 என்று எழுதி CSV ஆகச் சேமித்துவிட்டு, ஒரு பெயரைத் திருத்த அதே ஃபைலை மறுபடி டபுள் கிளிக் செய்து திறந்தால், எக்செல் அதைத் தேதி என்று கண்டுகொண்டு கணினியில் உள்ள பிராந்திய அமைப்புப்படி 18-06-2025 என்று மாற்றிக் காட்டும். சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் ஃபைலுக்குள் போகும். அதனால் கட்டுரையில் ஒரு படி கூடுதலாக வைத்தேன்: ஏற்றுவதற்கு முன் ஃபைலை நோட்பேடில் திறந்து தேதியைப் பாருங்கள், அங்கே தெரிவதுதான் மென்பொருள் படிக்கப் போவது.

ஸ்டைல் கைடைப் பற்றிச் சொன்னீர்களே, இந்தக் கட்டுரையில் அது இரண்டு இடத்தில் கை கொடுத்தது. எங்கள் கம்பெனி மைக்ரோசாஃப்ட் கைடைப் பின்பற்றுகிறது, அதன் மேல் எங்களுடைய சிறு கைடு ஒன்று. வாசகர் எங்கே பார்க்க வேண்டும் என்பதை முதலில் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிறகு சொல்வது ஒரு வழக்கம். நான் முதலில் எழுதிப் பார்த்த வாக்கியம் "DD/MM/YYYY என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று தொடங்கியது. வாசகர் அதைத் திரை முழுக்கத் தேடுவார். "பக்கத்தின் அடியில் உள்ள Date format பெட்டியில், DD/MM/YYYY என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று திருப்பிப் போட்டதும் கண் நேராக அங்கே போகிறது. எச்சரிக்கையும் அப்படித்தான், Import பட்டனை அழுத்தும் படிக்கு முன்னால் வர வேண்டும். அழுத்திய பிறகு படித்து என்ன பயன்.

கண்ணன், தஞ்சாவூர்

இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை பார்க்கிறேன். சுதா செய்தது சரி. அழுக்கு ஃபைலை ஏற்றிப் பார்க்காமல் இம்போர்ட் கட்டுரை எழுதவே கூடாது. சுதா, மாதிரி அட்டவணையில் தேதியை எப்படிக் கொடுத்தீர்கள்? எடிட்டர் கை வைத்திருப்பாரே?

சுதா, கும்பகோணம்

வைத்தார் சார்! எண்ணில் தேதி எழுதக் கூடாது, மாதத்தைப் பெயராக எழுத வேண்டும் என்பது கைடில் உள்ள விதி. குழப்பம் வரக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல விதி. அதன்படி அட்டவணையில் இருந்த `25/06/2025` என்பதை எடிட்டர் "ஜூன் 25, 2025" என்று மாற்றிவிட்டார். அதைப் பார்த்து அப்படியே டைப் செய்கிறவர் ஃபைல் இம்போர்ட்டே ஆகாது. வாசகர் டைப் செய்ய வேண்டியதும் திரையில் தெரிவதும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும், அதற்கான தனி எழுத்து வடிவில் வர வேண்டும் என்பதும் அதே கைடில் இருக்கிறது, அந்த இடத்தைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். விளக்க வாக்கியங்களில் மாதம் பெயராக வரும், அட்டவணையில் எண்ணாக வரும் என்று முடிவானது. அப்புறம், மாதிரித் தேதி வேண்டுமென்றே 25. அங்கே 05/06 என்று கொடுத்திருந்தால் எது நாள் எது மாதம் என்று படிப்பவருக்கே தெரியாது.

செல்வம் உரக்கடை, திருவாரூர்

வணக்கம். உங்களுக்குள் பேசிக்கொள்கிறீர்கள், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் கடையில் வேறு மென்பொருள். வாடிக்கையாளர் பெயரெல்லாம் தமிழில் அடித்து ஏற்றினேன், எல்லாம் கேள்விக்குறியாக வந்துவிட்டது. இதை எப்படிச் சரி செய்வது?

கண்ணன், தஞ்சாவூர்

செல்வம் சார், இங்கே நாங்கள் பேசுவது கட்டுரை எழுதுவதைப் பற்றி. ஆனாலும் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. திரையில் என்ன தெரிகிறது என்பதைச் சரியாகப் பாருங்கள், இரண்டில் ஒன்று இருக்கும்:

```
??????
à®®à®¾à®°à®¿
```

கேள்விக்குறி என்றால், எக்செலில் சேமிக்கும்போது CSV (Comma delimited) என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அந்த வடிவில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை, சேமித்த நிமிஷமே பெயர் அழிந்துவிட்டது. அந்த ஃபைலிலிருந்து மீட்க முடியாது. மூல எக்செல் ஃபைலுக்குப் போய் CSV UTF-8 (Comma delimited) என்று மறுபடி சேமியுங்கள். இரண்டாவது மாதிரி கோணல் எழுத்துகள் வந்திருந்தால் பெரும்பாலும் தரவு பத்திரமாக இருக்கிறது, திறக்கும் மென்பொருள்தான் தவறான குறியீட்டில் படிக்கிறது. அதைத் திறந்து அப்படியே சேமித்துவிடாதீர்கள்.

சுதா, இவர் கேட்ட விதத்தைக் கவனித்தீர்களா? "பெயர் கேள்விக்குறியாக வந்துவிட்டது" என்கிறார். யாரும் "CSV இறக்குமதி செய்வது எப்படி" என்று தேடி வருவதில்லை, கெட்டுப்போன பிறகு கண்ணில் படுவதைத்தான் தேடுகிறார்கள். உங்கள் எச்சரிக்கையை ஏற்றுவதற்கு முன் படிப்பவர்கள் மிகக் குறைவு. "பில் வேறு மாதத்தில் காட்டுகிறது" என்ற தலைப்பில் தனிக் கட்டுரை வேண்டும்.

சுதா, கும்பகோணம்

அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை சார். ஒரே விஷயத்துக்கு இரண்டு கட்டுரை வைத்தால், அடுத்த ரிலீஸில் பெட்டியின் பெயர் மாறும்போது ஒன்றைத் திருத்தி இன்னொன்று பழையதாகவே நின்றுவிடும். இப்போதைக்கு ஒரே கட்டுரையின் கடைசியில் அந்த வாக்கியத்தையே உபதலைப்பாக வைத்திருக்கிறேன், தேடலில் அது கிடைக்கிறது.

ராஜா, மன்னார்குடி

பெட்டியில் முன்கூட்டியே DD/MM/YYYY என்று வைத்துவிட்டால் கட்டுரையே தேவையில்லையே? டெவலப்பர் ஏன் செய்யவில்லை?

சுதா, கும்பகோணம்

அதைத்தான் முதலில் கேட்டேன். அமெரிக்காவிலும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், மாற்றினால் அவர்களுக்கு இதே கதி என்றார்கள். எதையும் முன்கூட்டி நிரப்பாமல் பயனரே தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள் என்று டிக்கெட் போட்டிருக்கிறேன், இன்னும் திறந்தே கிடக்கிறது. பெட்டிக்குக் கீழே "உங்கள் ஃபைலின் முதல் தேதி இப்படிப் படிக்கப்படும்: 6 மே 2025" என்று ஒரு வரி காட்டவும் கேட்டிருக்கிறேன். அது வந்தால் கட்டுரையில் பாதியைத் தைரியமாக எடுத்துவிடலாம்.

செல்வம் உரக்கடை, திருவாரூர்

UTF-8 வைத்ததும் பெயர் வந்துவிட்டது, நன்றி சார். நீங்கள் பேசியதைப் பார்த்துத் தேதியையும் சோதித்தேன். இன்னும் வராத மாதத்தில் பில் காட்டுகிறது! என்ன செய்வது அம்மா?

சுதா, கும்பகோணம்

வராத மாதத்தில் பில் இருந்தால் இதே சிக்கல்தான் சார். இப்போதே மறுபடி ஏற்றிவிடாதீர்கள், எல்லா பில்லும் இரண்டிரண்டாக விழும். உங்கள் மென்பொருளில் இம்போர்ட் வரலாறு என்று ஒரு பக்கம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அந்த ஏற்றத்தை மொத்தமாக நீக்க முடிகிறதா என்றும் பாருங்கள். நீக்குவதற்கு முன் பேக்கப் எடுங்கள். ரிட்டர்ன் ஏற்கெனவே போட்டுவிட்ட மாதம் அதில் இருந்தால் கை வைக்காமல் ஆடிட்டரிடம் கேளுங்கள். அந்தப் பக்கமே இல்லை என்றால் மென்பொருளின் பெயரைச் சொல்லுங்கள், அதன் உதவிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நானும் தேடிப் பார்க்கிறேன்.