‘இரும்பு சேர்த்தது’ என்ற பெட்டியில் எதைப் பார்ப்பது?

முழங்காவில்
லண்டனிலிருந்து மாமி கோர்ன் ஃபிளேக்ஸ் பெட்டி அனுப்பியிருக்கிறா. 100 கிராமில் இரும்பு 8 மி.கி., ஃபோலிக் அசிட் 166 மைக்ரோகிராம், விற்றமின் டி 8.4 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கு. தங்கச்சிக்கு அஞ்சாம் மாதம். கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசை வயித்தைப் பிரட்டுது எண்டு சொல்லுறா. இதைச் சாப்பிட்டால் குளிசையை விடலாமோ?

புளியங்குளத்தான்
பெட்டியில எழுதினதை நம்பாதேங்கோ, சோதிச்சுப் பாருங்கோ. ஒரு கைப்பிடியை மாவாக இடிச்சு, நிறையத் தண்ணியில் கரைச்சு, பலமான காந்தத்தைப் பையிலை சுத்தி உள்ளுக்கை கிளறுங்கோ. கறுப்புத் தூள் ஒட்டினால் இரும்பு இருக்கு. ஒட்டாட்டில் அது வெறும் எழுத்து. கடையில வாங்கின ‘இரும்பு சேர்த்த’ மாவில ஒண்டுமே ஒட்டேல்லை.

கனகராயன்
அண்ணை, காந்தத்தில் ஒட்டுறது இரும்புதான், அதில் பிழையில்லை. ஆனால் ஒட்டாதது பொய் எண்டு முடிவெடுக்கேலாது. ஒட்டுறது உலோக இரும்புத் தூள். பின்பக்கத்தில் ‘ரிடியூஸ்ட் அயர்ன்’ அல்லது ‘இலெக்ட்ரோலிட்டிக் அயர்ன்’ எண்டு இருக்கும். ‘ஃபெரஸ் ஃபியூமரேற்’, ‘ஃபெரஸ் சல்பேற்’, ‘சோடியம் அயர்ன் இடிடிஏ’ எண்டு இருந்தால் அது உப்பு வடிவம். இந்தக் காந்தத்துக்கு அது வராது, ஆனால் உடம்பு அதைத்தான் கூட எடுக்கும். இலெக்ட்ரோலிட்டிக் தூளை ஃபெரஸ் சல்பேற்றின்ரை பாதியளவுதான் குடல் உறிஞ்சும். அப்ப உங்கட சோதனையில் நல்லாத் தேறுறது, உறிஞ்சுறதில் பின்னுக்கு நிக்கிற இரும்புதான்.

புளியங்குளத்தான்
அப்ப கொம்பனிக்காரர் ஏன் அந்தத் தூளைப் போடீனம்? மலிவெண்டுதானே?

கனகராயன்
மலிவும் ஒரு காரணம். மற்றது, ஃபெரஸ் சல்பேற் மாவிலை இருக்கிற கொழுப்பைக் கெடுக்கும். எங்கட வெக்கையில் பக்கற் மாதக்கணக்கில் தட்டிலை கிடந்தால் சிக்கு வாடை வரும், நிறமும் மாறும். உலோகத் தூள் ஒண்டும் செய்யாது, அதாலை நெடுநாள் வைக்கிற பொருளுக்கு அதைப் போடுவினம். தவிடு நீக்காத மா எண்டால் இன்னொரு சிக்கல். தவிட்டிலை இருக்கிற ஃபைற்றேற் எண்ட பொருள் இரும்பைக் கட்டிப்போடும். தவிடு கூடின மாவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2009 பரிந்துரை சோடியம் அயர்ன் இடிடிஏ ஒண்டைத்தான் சொல்லுது. ஆட்டா மாப் பக்கற்றில் இந்தப் பெயர் இருந்தால் அது அறிஞ்சு போட்டது எண்டு எடுக்கலாம்.

இப்ப தங்கச்சின்ரை கணக்கு. ஒரு வேளைக்கு 30 கிராம் எண்டால் 8 மி.கி.யில் கிடைக்கிறது 2.4 மி.கி. கிளினிக் குளிசை ஒண்டில் சாதாரணமாக 60 மி.கி. இரும்பு. அதுக்கு 25 வேளை, அதாவது முக்கால் கிலோ கோர்ன் ஃபிளேக்ஸ் வேணும். அதுகூடக் காகிதக் கணக்குத்தான், உலோகத் தூளெண்டால் இன்னும் குறைவு. குளிசையை விடக்கூடாது. வயித்துப் பிரட்டலைக் குடும்பநல மாதுவிட்டைச் சொன்னால் இராப் படுக்கேக்கை எடுக்கிறது, சாப்பாட்டோடை எடுக்கிறது, வேற வகை மாத்துறது எண்டு வழி இருக்கு. கல்சியம் குளிசையை அதோடை சேர்த்து எடுக்கக்கூடாது.

மாங்குளம் சந்தி
கனகராயன் சொன்னது குளிசைக்குச் சரி. ஆனால் ‘சேர்த்த’ மா பிரயோசனமில்லை எண்ட மாதிரி வாசிக்கிறவை எடுத்துவிடுவினம். கர்ப்பமாகாத பெம்பிளையள், பள்ளிக்கூடப் பிள்ளையள் கிளினிக்குக்குப் போறேல்லை. அவைக்குத் தினமும் பிட்டோடையும் ரொட்டியோடையும் கொஞ்சம் கொஞ்சமாப் போறது பெரிய உதவி. இது மருந்தில்லை, சாப்பாடு.

கனகராயன்
ஓம், அதை மறுக்கேல்லை. ஆனால் பிட்டுச் சாப்பிட்டு உடனை தேத்தண்ணி குடிச்சால் அந்தக் கொஞ்சத்திலும் பெரும்பகுதி போயிடும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிக்கவேணும். ஒரு தேசிக்காய்த் துண்டு, கொய்யாப்பழம், நெல்லிக்காய் சாப்பாட்டோடை சேர்ந்தால் அந்த விற்றமின் சி உறிஞ்சலைக் கூட்டும்.

நெடுங்கேணி அக்கா
எங்கட வீட்டில மூத்தவன் தலசீமியா எண்ட பரம்பரை இரத்தநோயின்ரை கடத்தி எண்டு இரத்தம் பார்த்துச் சொன்னவை. அவனுக்கு இந்த மாவைக் குடுக்காமல் குரக்கன் மா மட்டும் குடுக்கிறன். சரிதானே?

கனகராயன்
அக்கா, கடத்தி மட்டும் எண்டால் சாதாரண சாப்பாட்டிலை இருக்கிற இரும்பை ஒதுக்கத் தேவையில்லை. சிவப்பணு சின்னனாகத் தெரியிறதை வைச்சு இரும்புக்குறைவு எண்டு நினைச்சு, உடம்பிலை இரும்பு இருப்பு எவ்வளவு எண்டு காட்டுற ஃபெரிற்றின் பார்க்காமல் குளிசை குடுக்கிறதுதான் பிழை. அடிக்கடி இரத்தம் ஏத்துற பெரிய தலசீமியா வேற கதை, அதுக்கு மருத்துவர் சொல்லுறபடிதான். குரக்கன் மா நல்லது, ஆனால் அதில் ‘இரும்பு நிறைந்தது’ எண்டு இருந்தால் கூட்டுப்பொருள் வரியைப் பாருங்கோ. அதில் இரும்பின் பெயர் இல்லாட்டில் குரக்கனில் இயல்பாக இருக்கிறதைத்தான் சொல்லியிருக்கினம்.

முழங்காவில்
பெட்டியில விற்றமின் டி 168 வீதம் எண்டு இருக்கு. கனடாப் பெட்டி ஒண்டில 30 கிராமுக்கு 2.5 மைக்ரோகிராம் இருந்தும் 13 வீதம் எண்டு போட்டிருக்கு. எது உண்மை?

கனகராயன்
ரெண்டும் உண்மை. 168 வீதம் 100 கிராமுக்கு, ஒரு நாளுக்கு 5 மைக்ரோகிராம் எண்ட ஐரோப்பிய அடிப்படையில். அதே பெட்டியில 30 கிராம் எண்டால் 2.5 மைக்ரோகிராம், ஐம்பது வீதம். வட அமெரிக்காவில் அடிப்படை 20 மைக்ரோகிராம், அதால 13. வீதத்தை விட்டு மைக்ரோகிராமைப் பாருங்கோ. ‘ஐ.யு.’ எண்டு இருந்தால் 40 ஆல் பிரியுங்கோ.

ஃபோலிக் அசிட்டிலும் இப்பிடித்தான். உங்கட பெட்டியில் ஒரு வேளைக்கு 50 மைக்ரோகிராம் வருது. கர்ப்பத்துக்கு முன்னும் முதல் 12 கிழமையும் நாளுக்கு 400 வேணும், அது குளிசையாலைதான் சரிவரும். பிள்ளையின்ரை மூளையும் முள்ளந்தண்டு நாணும் உருவாகிற நரம்புக் குழாய் சரியா மூடத்தான் அது வேணும். அந்தக் குழாய் கருத்தரிச்சு 28 நாளுக்குள்ளையே மூடிவிடும், அஞ்சாம் மாதத்தில் பெட்டியைப் பார்த்து அதைப் பிடிக்கேலாது. இந்த வரி கலியாணம் முடிச்ச புதுப் பொம்பிளையளுக்குத்தான் பயன். அமெரிக்கப் பெட்டியில் ‘டி.எஃப்.இ.’ எண்டு இருந்தால் எண் பெருசாத் தெரியும், அதை 1.7 ஆல் பிரிச்சால் சேர்த்த ஃபோலிக் அசிட் வரும்.

புளியங்குளத்தான்
சரி தம்பி, காந்தத்தை விடுறன். ஆனால் இங்கத்தைய சில பக்கற்றில் முன்னுக்கு ‘இரும்பு, ஃபோலிக் அசிட் சேர்த்தது’ எண்டு இருக்கு, பின்னுக்கு 100 கிராமுக்கு எவ்வளவு எண்டு இல்லை. அதுக்கும் கூடக் காசு. நான் வாங்கமாட்டன்.

மாங்குளம் சந்தி
அளவு இல்லாத பக்கற்றை நானும் தட்டிலயே விடுவன். அளவும் இரும்பின் பெயரும் இருந்தால், கூடின விலையைத் தருவன்.

புளியங்குளத்தான்
அதே காசுக்கு நெத்தலியும் முருங்கை இலையும் வாங்கலாமே. அதில எவ்வளவு உடம்புக்குப் போகுது எண்டு ஆராவது கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

மாங்குளம் சந்தி
முருங்கை இலையிலும் உறிஞ்சலைத் தடுக்கிறது இருக்கு. நெத்தலியை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் மீன் கிடைக்காத நாளில் என்ன செய்யிறது அண்ணை?